தீர்க்க முடியாத சமன்பாட்டுக்கு ஒரு வரைபடம்

y' = y² − x. பார்த்தால் பள்ளிக்கூடப் பயிற்சிக் கணக்கு போலத்தான் இருக்கிறது. வர்க்கம் ஒன்று, கழித்தல் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் சைன், லாக், அடுக்குக்குறி என்று நமக்குப் பழக்கமான எந்தச் சார்பைக் கொண்டும் இதன் தீர்வை எழுத முடியாது. தொகையிடல் குறிகளைச் சேர்த்துக்கொண்டாலும் முடியாது. இந்த வகைச் சமன்பாடுகளில் எவை அப்படி அடங்கும், எவை அடங்காது என்பதை 1841-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில் நிறுவிக் காட்டினார். நம் சமன்பாடு அடங்காதவற்றின் பட்டியலில் இருக்கிறது.

இருந்தாலும் x = 100 ஆகும்போது y எவ்வளவு என்று கேட்டால், ஒரு தாளும் பென்சிலும் வைத்திருப்பவர் இரண்டு தசம இடம்வரை நெருங்கிச் சொல்லிவிடலாம். அந்த வித்தைக்குச் சாய்வுப் புலம் என்று பெயர்.

முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு என்பது உண்மையில் ஒரு சாய்வுக் கணக்கு. y' என்பது வளைவரை அந்த இடத்தில் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதன் அளவு. வளைவரை எங்கே போகிறது என்று சமன்பாடு சொல்வதில்லை. "நீ இந்தப் புள்ளியில் நின்றால் இந்தச் சாய்வில் நகர வேண்டும்" என்று மட்டும் சொல்கிறது. ஆனால் தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சொல்கிறது. (0, 1) என்ற புள்ளியில் 1² − 0 = 1, அதாவது 45 பாகை ஏற்றம். (1, 0) என்ற புள்ளியில் 0 − 1 = −1, அதே அளவு இறக்கம். (0, 0)-இல் சுழி, ஆகவே கிடைக்கோடு. இப்படிக் கட்டம் கட்டமாக ஒவ்வொரு புள்ளியிலும் உரிய சாய்வில் ஒரு குட்டிக் கோட்டைப் போட்டால் வருவதுதான் சாய்வுப் புலம்.

வரைவதில் இரண்டு இடங்களில் பலரும் சறுக்குவார்கள். முதலாவது, இரு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் வேண்டும். x அச்சில் ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டரும் y அச்சில் அரை சென்டிமீட்டரும் வைத்தால், சாய்வு 1 என்பது 45 பாகையாகத் தெரியாது, கண் ஏமாந்துவிடும். இரண்டாவது, குட்டிக் கோடுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்க வேண்டும். (0, 2)-இல் சாய்வு 4, ஏறக்குறைய 76 பாகை. கோடுகளின் அகலத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு இதை வரைந்தால் கோடு நெடுநெடுவென்று வளர்ந்து மேல் கட்டத்துக் கோட்டின் மீது ஏறிவிடும்.

புள்ளி புள்ளியாகக் கணக்குப் போடுவது சலிப்பான வேலை. அதற்கு ஒரு குறுக்குவழி 1694-லிருந்தே இருக்கிறது. அந்த ஆண்டு யோஹான் பெர்னூலி அதை விவரித்து எழுதினார். புள்ளியை எடுத்துக்கொண்டு சாய்வைக் கேட்காமல், சாய்வை எடுத்துக்கொண்டு புள்ளிகளைக் கேட்பது அவர் வழி. சாய்வு சுழியாக இருக்கும் இடங்கள் எவை? y² − x = 0, அதாவது x = y². வலப்பக்கம் வாய் திறந்து படுத்திருக்கும் பரவளையம் அது. சாய்வு −1 எங்கே? x = y² + 1. அதே பரவளையம்தான், ஓர் அலகு வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. சாய்வு 1-க்கு ஓர் அலகு இடப்பக்கம், 2-க்கு இரண்டு அலகு இடப்பக்கம். இவற்றைச் சமசாய்வுக் கோடுகள் என்பார்கள். நம் சமன்பாட்டுக்கு இது பெரிய வசதி: அட்டையில் ஒரே ஒரு பரவளையத்தை வெட்டிக்கொண்டு தாளில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி வரைந்தால் போதும். ஒவ்வொரு பரவளையத்தின் மீதும் ஒரே சாய்வுள்ள குட்டிக் கோடுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போகலாம். சுமார் பத்துப் பரவளையங்களில் புலம் நிரம்பிவிடும்.

இனிப் படிக்கும் வேலை. x = y² என்ற பரவளையத்தை மட்டும் சற்று அழுத்தமாக வரைந்துகொள்வது நல்லது. அதன் வயிற்றுக்குள் எல்லாக் கோடுகளும் இறங்குமுகம். வெளியே எல்லாம் ஏறுமுகம். ஆகவே இடப்பக்கத்திலிருந்து வரும் ஒரு தீர்வு வளைவரை ஏறிக்கொண்டே வந்து, பரவளையத்தின் மேல்கரத்தைத் தொட்டால் அங்கே ஒரு கணம் படுத்து, பிறகு உள்ளே இறங்கும். தொடும் இடமே அதன் உச்சி. உள்ளே நுழைந்தது மீண்டும் வெளியே வருமா? வராது. மேல்கரம் வலப்பக்கம் போகப் போக ஏறுகிறது, கீழ்க்கரம் இறங்குகிறது. கரத்தின் மீது எந்தப் புள்ளியில் நின்றாலும் குட்டிக் கோடு கிடையாக உள்பக்கம்தான் கைகாட்டுகிறது. நுழைவாயில் உண்டு, வெளிவாயில் இல்லை.

அப்படியானால் உள்ளே விழுந்த வளைவரை எங்கே போகும்? இங்கேதான் இரண்டாவது பரவளையமான x = y² + 1 உதவிக்கு வருகிறது. அதன் கீழ்க்கரத்தில் எல்லாக் கோடுகளும் −1 சாய்வில் இறங்குகின்றன. ஆனால் x = 1.25-ஐத் தாண்டிய பிறகு அந்தக் கரம் −1-ஐ விட மெதுவாகத்தான் இறங்குகிறது. எனவே வளைவரை அந்தக் கரத்தை மேலிருந்து கீழாகத்தான் கடக்க முடியும். திரும்பி ஏற முடியாது. கீழே முதல் பரவளையத்தின் கீழ்க்கரம் இருக்கிறது; அதையும் தாண்டிக் கீழே போக வழியில்லை. ஆக, இரண்டு கீழ்க்கரங்களுக்கும் நடுவே ஒரு சந்து. மேலே இருப்பவை அதற்குள் இறங்கும், கீழே இருந்து ஏறி வருபவையும் அதற்குள் நுழையும், எதுவும் வெளியேறாது. வலப்பக்கம் போகப் போகச் சந்து ஒடுங்குகிறது. x = 25-இல் அதன் அகலம் ஏறத்தாழ 0.1. x = 100-இல் கீழ்ச்சுவர் −10, மேல்சுவர் −√99, அதாவது சுமார் −9.95. நடுவே இருப்பது 0.05 அகலம்தான்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. x = 0-இல் y என்பது −3 ஆக இருந்தாலும் 0 ஆக இருந்தாலும் 0.7 ஆக இருந்தாலும், x = 100 வரும்போது y என்பது −10-க்கும் −9.95-க்கும் நடுவே இருக்கும். தீர்வுக்கு வாய்பாடு இல்லை. ஆனாலும் தீர்வின் மதிப்பு நம் கையில் இருக்கிறது. இந்த இடத்தில் பலரும் செய்யும் ஒரு பிழை உண்டு. சந்துக்குள் நுழைந்த வளைவரைகள் பென்சில் தடிமனுக்குள் நெருங்கிவிடுவதால் அவற்றை ஒரே கோடாக இணைத்து வரைந்துவிடுவார்கள். இந்தச் சமன்பாட்டின் இரண்டு தீர்வுகள் ஒருபோதும் சந்திப்பதில்லை. சந்தித்தால் அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு வழிகள் இருப்பதாக ஆகிவிடும். Y² − x போன்ற மிருதுவான சார்பில் அதற்கு இடமில்லை. எனவே வளைவரைகள் வெட்டிக்கொண்டால் தவறு வரைந்த கையில்தான்.

மேல்பக்கத்துக் கதை நேர் எதிர். மேல்கரத்துக்கும், ஓர் அலகு இடப்பக்கம் உள்ள பரவளையத்தின் மேல்கரத்துக்கும் நடுவிலும் ஒரு சந்து இருக்கிறது. ஆனால் இதன் இரண்டு சுவர்களிலும் குட்டிக் கோடுகள் வெளியே போகச் சொல்கின்றன. சற்றுக் கீழே சாய்ந்தது பரவளையத்துக்குள் விழுந்து −√x-ஐத் தேடிப் போகும். சற்று மேலே சாய்ந்தது விண்ணென்று ஏறிவிடும். மலைமுகட்டில் விழும் மழைத்துளி எந்தப் பக்கம் ஓடும் என்பது போன்ற நிலைமை. கடைசிவரை முகட்டின் மீதே நடப்பது ஒரே ஒரு வளைவரை. x = 0-இல் அது y = 0.729 என்ற உயரத்துக்கு மிக அருகில் புறப்படுகிறது.

முகடு இருக்கிறது என்பதைத்தான் புலம் காட்டும், அந்த 0.729 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த எண் வரும் வழி சுவாரசியமானது. இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1838-இல் வானவில்லின் ஓரத்தில் ஒளி எப்படி மங்குகிறது என்று கணக்கிட முயன்றபோது ஒரு புதிய சார்பு தேவைப்பட்டது. இன்று அதை ஏரி சார்பு என்கிறோம். நம் சமன்பாட்டை ஓர் எளிய பதிலியால் அவர் சார்பு நிறைவுசெய்யும் சமன்பாடாக மாற்றிவிடலாம். பட்டியலிட்டு வைத்திருக்கும் அதன் மதிப்புகளிலிருந்து 0.729 கிடைக்கிறது.

முகட்டின் இருபுறமும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 0.75-இல் தொடங்கும் வளைவரை x = 1-இல் 1.33-ஐத் தொட்டு, x = 2.1 அருகே எல்லையின்றி மேலேறிவிடுகிறது. அதற்கப்பால் அந்தத் தீர்வே கிடையாது. 0.7-இல் தொடங்குவது x = 1-க்குச் சற்று முன்னால் 0.99 உயரத்தில் உச்சி தொட்டுத் திரும்பி, x = 2-இல் வெறும் 0.07-க்கு வந்துவிடுகிறது. புறப்பட்டபோது இடைவெளி 0.05, பென்சில் முனை அகலம்கூட இல்லை.

கையால் வளைவரை வரைபவர் செய்வது உண்மையில் ஆய்லர் 1768-இல் வெளியிட்ட முறைதான்: குட்டிக் கோட்டின் வழியே கொஞ்ச தூரம் போய், அங்குள்ள சாய்வைப் பார்த்து, மறுபடி கொஞ்ச தூரம் போவது. 0.7-இலிருந்து அரை அலகு அடிகளாக நடந்தால் y வரிசையாக 0.945, 1.14, 1.29, 1.38 என்று போகிறது. x = 2-இல் 1.38, உண்மை மதிப்போ 0.07. அடுத்த அடியில் இதுவும் இறங்கத் தொடங்குகிறது, ஆகவே கதியைச் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் உச்சி எங்கே, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் தவறு.

விடை தெரியாதபோது இந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? அடியைப் பாதியாக்கி மறுபடி நடந்து பார்ப்பதுதான் வழி. கால் அலகு அடிகளில் x = 2-இல் 0.98 வருகிறது. ஒரே இடத்துக்கு 1.38, பிறகு 0.98 என்று விடை இவ்வளவு குதித்தால் முகட்டுக்கு அருகில் நடந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள். அடியை இன்னும் பல மடங்கு சுருக்க வேண்டும். y = 0-இலிருந்து புறப்பட்டவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வழியில் அவர் செய்யும் சிறு பிழைகளைக் கீழ்ச்சந்து தானே அழித்துவிடுகிறது. கணினியில் பார்க்க விரும்புவோர் ஜியோஜீப்ராவில் `SlopeField(y^2 - x)` என்று தட்டினால் புலம் நொடியில் வந்துவிடும். பரவளையங்களை மட்டும் அவர்களேதான் அதன்மேல் போட்டுக்கொள்ள வேண்டும்.