விற்ற சேலை திரும்ப வாங்கப்படும்

நம் ஊர் ஜவுளிக்கடை பில்லின் அடியில் ஒரு வரி இருக்கும்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ சொந்த இணையதளம் தொடங்கும் கடைக்காரர்கள் பலர் அதே வரியை அங்கேயும் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறார்கள். அது செல்லாது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, சொன்னதற்கு மாறாக இருந்தாலோ, சொன்ன கெடு தாண்டிப் போய்ச் சேர்ந்தாலோ விற்றவர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. பணத்தைத் திருப்பித் தர மறுக்கவும் முடியாது. வெள்ளம், புயல் போலக் கையை மீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு.

இதில் பலரும் கவனிக்காதது தாமதம் பற்றிய பகுதி. கெடுவை எழுதுவது விற்பவர்தான். ‘3 நாளில் டெலிவரி’ என்று ஆசையாக எழுதிவிட்டு ஐந்தாம் நாள் கொடுத்தால், நல்ல சேலையையும் திரும்ப வாங்கும் நிலை வரும். அதனால் கெடுவை எப்படிக் கணக்கிட்டு எழுதுவது என்று முதலில் பார்ப்போம்.

சின்னாளப்பட்டியில் ஒரு சுங்குடிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். அங்கே இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. சேலையை எடுத்து, சோதித்து, மடித்து, கூரியரிடம் கொடுக்கும்வரை கடையின் நேரம். அதற்குப் பிறகு கூரியரின் நேரம். இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால்தான் குழப்பம். தனித்தனியாக எழுதலாம்: ‘பகல் 1 மணிக்குள் வரும் ஆர்டர் அன்றைய கணக்கு, அதற்குப் பின் வந்தால் அடுத்த வேலைநாள் கணக்கு. திங்கள் முதல் சனி வரை வேலைநாள். 2 வேலைநாளில் அனுப்புவோம். அனுப்பியபின் தமிழ்நாட்டுக்குள் அதிகபட்சம் 3 வேலைநாள்.’

சென்னையிலிருந்து ஒருவர் வெள்ளி மாலை 4 மணிக்கு ஆர்டர் போடுகிறார். கணக்கு சனிக்கிழமை தொடங்குகிறது. சனி, திங்கள் இரண்டும் கடையின் நாட்கள். திங்கள் மாலை கூரியர் எடுத்தால் வியாழனுக்குள் சேர வேண்டும். அவரே ஃபால்ஸ் தைத்துத் தரச் சொல்லியிருந்தால்? தையலுக்கு 2 நாள் சேர்ந்து, புதனன்று கிளம்பி, சனிக்கிழமைதான் கெடு. இந்த உதாரணத்தை அப்படியே பக்கத்தில் போட்டுவிடலாம். விதியைவிட உதாரணத்தைத்தான் மக்கள் படிக்கிறார்கள். அந்தமானுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் தனி வரி வேண்டும். ‘இந்தியா முழுவதும் 7 நாள்’ என்ற வரியை எழுதுகிறவர் அந்தமானுக்கு ஒரு பார்சல் அனுப்பிப் பார்த்திருக்கமாட்டார்.

பணக் கணக்கில் சண்டை வருவது ஓர் இடத்தில்தான். 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அனுப்பும் செலவு இலவசம், அதற்குக் கீழே 80 ரூபாய் என்கிறது கடை. 900 ரூபாய்ச் சேலை இரண்டு வாங்குகிறார். 1,800 ஆனதால் இலவசம். நிறம் பிடிக்கவில்லை என்று ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார். திரும்பக் கிடைப்பது 900 ரூபாயா, 80 கழித்து 820 ரூபாயா? எதை வேண்டுமானாலும் கடை முடிவு செய்யலாம். ஆனால் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதும் அதே வரியில் வரட்டும். சேலை கிழிந்திருந்து திரும்பினால் 80 ரூபாயைக் கழிப்பது முறையல்ல. கூரியர் செலவும் கடையுடையதே.

நம் சட்டத்தில், ‘பிடிக்கவில்லை’ என்பதற்காகத் திரும்ப வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. அது கடை தானாகக் கொடுக்கும் சலுகை. ஆகவே விதிவிலக்குகளை எழுதும்போது பழுதையும் மனமாற்றத்தையும் பிரிக்க வேண்டும். ஃபால்ஸ் தைத்த சேலை, துவைத்த சேலை, தள்ளுபடிச் சேலை ஆகியவற்றை ‘மனம் மாறியதற்காகத் திரும்ப வாங்கமாட்டோம்’ என்று சொல்லலாம். ‘எக்காரணத்துக்காகவும்’ என்று எழுதினால் பழுதும் அதில் அடங்கிவிடும்; மேலே சொன்ன விதி அதை ஏற்காது. பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் புகாரே கிடையாது என்ற வரியும் இந்த வகைதான். வீடியோ இருந்தால் விரைவில் முடியும் என்று கேட்டு வாங்கலாம்; அந்த விதியில் அப்படியொரு நிபந்தனை இல்லை. சுங்குடிக்கு இன்னொன்று: முதல் துவைப்பில் சாயம் இறங்குமென்றால் சேலைப் படத்துக்குக் கீழேயே சொல்லிவிட வேண்டும். விதிவிலக்குப் பட்டியலில் ஒளித்து வைப்பதில் பயனில்லை.

‘7 நாளுக்குள் திருப்பலாம்’ என்பதிலும் ஓட்டை இருக்கிறது. ஆர்டர் போட்ட நாளிலிருந்தா, கைக்கு வந்த நாளிலிருந்தா? ஏழாம் நாள் தகவல் சொன்னால் போதுமா, சேலையே கடைக்கு வந்து சேர வேண்டுமா? ‘கைக்கு வந்த 7 நாளுக்குள் எங்களுக்குத் தெரிவித்தால் போதும், சேலை எங்களிடம் வந்த 5 வேலைநாளில் பணம் வரும்’ என்றால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

தீபாவளிக்கு முன் ஒரு தற்காலிக வரி சேர்ப்பது நல்லது: எந்தத் தேதிக்குள் ஆர்டர் போட்டால் பண்டிகைக்கு முன் கிடைக்கும் என்று தேதியோடு. பண்டிகை முடிந்த மறுநாள் அதை எடுத்துவிட வேண்டும்; பொங்கல் சமயத்திலும் தீபாவளித் தேதியைக் காட்டும் கடைகள் நிறைய.

(அடுத்த வாரம்: பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் முறையில் கதவிலேயே திருப்பி அனுப்பப்படும் பார்சல்கள்)