வாடிக்கையாளரின் கணக்கை வெளியில் சொல்லும் முன்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குத் துணிக் கணக்குப் பார்க்கும் மென்பொருளை நான்கைந்து பேர் கொண்ட சிறு நிறுவனம் ஒன்று செய்து கொடுக்கிறது. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங் என்று துணி போகும் இடங்களிலெல்லாம் எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பி வந்தது என்பதை அந்த மென்பொருள் காட்டிவிடும். சாயமேற்றும்போது இயல்பாகக் குறையும் எடையைக் கழித்த பிறகும், 1,000 கிலோவுக்கு 40 கிலோ எங்கே போனதென்று தெரியாமல் இருந்தது. ஆறு மாதத்தில் அது 15 கிலோவாகக் குறைந்துவிட்டது.

இதைக் கேஸ் ஸ்டடியாக எழுதி வெளியிட அந்தச் சிறு நிறுவனம் ஆசைப்படுவது நியாயம்தான். எத்தனை விளம்பரம் செய்தாலும், இன்னொரு ஏற்றுமதியாளர் நம்புவது தன் ஊரில் தன்னைப் போன்ற ஒருவர் அடைந்த பலனைத்தான். அதனால் முதலாளிக்கு ஒரு போன் போகிறது.

“அண்ணா, நம்ம வேலையப் பத்தி எங்க வெப்சைட்ல போட்டுக்கலாங்களா?”

“அதுக்கென்ன தம்பி, போட்டுக்கங்க.”

நடைமுறையில் அனுமதி என்று பலர் நம்பிக்கொண்டிருப்பது இவ்வளவுதான். ஆனால் இது அனுமதியே அல்ல. அந்த முதலாளி மனதில் நினைத்தது, வாடிக்கையாளர் பட்டியலில் தன் நிறுவனத்தின் லோகோவும் நான்கு வரி பாராட்டும் வரும் என்பதை. கேட்டவர் மனதில் இருந்ததோ 40 கிலோ, 15 கிலோ என்ற எண்கள்.

அந்த எண்களை வேறு யாரெல்லாம் படிப்பார்கள் என்று பாருங்கள். முதலாவதாக, வெளிநாட்டு பையர். ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை பேசும்போது துணி எவ்வளவு பிடிக்கும், வேஸ்டேஜ் எத்தனை சதவீதம் என்று காஸ்டிங் தாளை வரிவரியாகப் பார்க்கிற பையர்கள் உண்டு. துணி இழப்பு 4 சதவீதத்திலிருந்து ஒன்றரை சதவீதமாகிவிட்டது என்று அவர் படித்தால், அடுத்த ஆர்டரில் அந்த இரண்டரை சதவீதத்தை விலையில் குறைக்கச் சொல்வார். முதலாளி பணம் போட்டு, ஆட்களைப் பழக்கி மிச்சம் பிடித்த லாபம் நம் கட்டுரையால் கைமாறிப் போகும். இரண்டாவதாக, சாயப்பட்டறைக்காரர். “ஜாப் ஒர்க் இடங்களில் துணி காணாமல் போனது” என்று நாம் சாதாரணமாக எழுதும் வாக்கியம், அவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டியதாகத் தெரியும். பல வருடப் பழக்கம் அதோடு கெடலாம். போட்டி நிறுவனங்களும் படிக்கும்; ஆனால் இந்த இரண்டோடு ஒப்பிட்டால் அது சின்னக் கவலை.

எனவே அனுமதி கேட்கும்போது கையில் முழுக் கட்டுரையும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதாத கட்டுரைக்கு யாராலும் யோசித்துச் சம்மதம் சொல்ல முடியாது. எழுதி, படங்களோடு காட்டினால் முதலாளியின் விரல் நேராக எந்த வரியில் போய் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பழைய நிலைமையை விவரிக்கும் பகுதியாகத்தான் இருக்கும். மென்பொருளின் பெருமையைக் கூட்டுவதற்காக, அதற்கு முன்பு எல்லாம் குழப்பமாக இருந்ததாக எழுதிவிடுகிறோம். படிக்கிறவருக்கு அது அந்த முதலாளியின் நிர்வாகக் கோளாறாகப் படும்.

அந்த வரியை எப்படி மாற்றலாம்? “முன்பு 1,000 கிலோவுக்கு 40 கிலோ துணி காணாமல் போனது, சாயப்பட்டறைகளில் முறையான கணக்கு இல்லை” என்று முதல் பிரதியில் இருந்ததாகக் கொள்வோம். திருத்திய பிறகு இப்படி வரலாம்: “ஆர்டர்கள் பெருகியதால், ஐந்தாறு இடங்களுக்குப் போய்வரும் துணியின் எடையை நோட்டில் ஒப்பிட்டுப் பார்க்க நாள் கணக்கில் ஆனது, இப்போது துணி வந்திறங்கிய அன்றே வித்தியாசம் தெரிகிறது.” இரண்டும் உண்மைதான். பின்னதில் இழப்புச் சதவீதம் இல்லை. யார் மீதும் பழி இல்லை. ஆனாலும் அதே தலைவலியோடு இருக்கிற இன்னொரு ஏற்றுமதியாளருக்கு வேண்டியது அதில் இருக்கிறது. திரையின் படங்களைப் போடும்போதும், பார்ட்டி பெயர், ஆர்டர் எண், விலை எல்லாவற்றையும் மாற்றிய மாதிரிக் கணக்கை ஏற்றி எடுத்த படத்தையே போட வேண்டும். உண்மையான படத்தை மங்கலாக்கிப் போட்டால் ஏதாவது ஒரு மூலையில் பையர் பெயர் தப்பி நிற்கும்.

பெயரைச் சொல்லாமல் எழுதிவிட்டால் அனுமதியே தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். “அவிநாசி ரோட்டில் உள்ள, டென்மார்க்குக்குக் குழந்தை உடைகள் அனுப்பும் நடுத்தர நிறுவனம்” என்று எழுதினால், அது யாரென்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். பெயரை மறைப்பதென்றால் நாடு, உடை வகை, ஆண்டு, இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மறைக்க வேண்டும். மறைத்த பிறகும் முதலாளியிடம் காட்டத்தான் வேண்டும்.

மென்பொருளை எழுதியது நாம்தானே, காட்டினால் என்ன என்ற வாதமும் எழும். எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை, வெளி நிறுவனம் ஒன்று எழுதிய நிரலின் பதிப்புரிமை பொதுவாக 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுதிய தரப்புக்கே உரியது. ஆனால் அந்த உரிமை நிரலின் மீதுதான். அதற்குள் ஓடும் வாடிக்கையாளரின் தொழில் விவரங்களின் மீது அல்ல. ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் பிரிவு இருக்கிறதா என்று முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் வாடிக்கையாளரே தன் பையரோடு அப்படியொரு பிரிவில் கையெழுத்துப் போட்டிருந்தால், பையரின் பெயரை வெளியிட நமக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் அவருக்கே இருக்காது. இதை அவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது.

கேட்கும் நேரமும் முக்கியம். வேலை தொடங்கும்போது ஒப்பந்தத்தில், “முடிவைப் பார்த்தபின் இதை வெளியிட உங்களிடம் தனியாக அனுமதி கேட்போம்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் கேட்கும்போது கூச்சம் இருக்காது. பலன் எண்ணாகத் தெரிந்த பிறகு கேட்க வேண்டும். நம் பில் நிலுவையில் இருக்கும்போதோ, பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் பேச்சு நடக்கும்போதோ கேட்டால் அது பேரமாக மாறிவிடும். தினமும் நம்மோடு பேசும் மெர்ச்சண்டைசர் சரி என்று சொன்னாலும், கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரின் பதில் வர வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

“இணைப்பில் உள்ள இரண்டு பக்கக் கட்டுரையை எங்கள் இணையதளத்திலும், வாடிக்கையாளர்களைச் சந்திக்கும்போது காட்டும் கையேட்டிலும் மட்டும் வெளியிட விரும்புகிறோம். உங்கள் நிறுவனப் பெயரும் லோகோவும் இடம்பெறலாமா, பெயர் இல்லாமல் வரலாமா, வேண்டவே வேண்டாமா என்று சொல்லுங்கள். நீக்க வேண்டிய வரிகளை அடித்துக் கொடுங்கள். உங்கள் பதில் வராமல் வெளியிட மாட்டோம். வெளியிட்ட பிறகு எடுக்கச் சொன்னால் ஏழு நாட்களுக்குள் இணையதளத்திலிருந்து எடுத்துவிடுவோம். உங்கள் பதில் எதுவானாலும் எங்கள் பராமரிப்புப் பணியில் மாற்றம் இருக்காது.”

இதில் பலர் விட்டுவிடுவது “மட்டும்” என்ற எல்லையை. இணையதளத்துக்கென வாங்கிய சம்மதத்தை வைத்து, மறுவருடம் கண்காட்சி ஸ்டாலில் ஆளுயரப் பேனர் அடிக்கக்கூடாது. அதற்கு மீண்டும் கேட்க வேண்டும். கட்டுரையில் ஊழியர் ஒருவரின் படமோ பெயரோ வந்தால் முதலாளியின் சம்மதம் அவருக்கும் சேர்த்தது ஆகாது. அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் ஒருவருக்கு வழி வைத்திருக்கிறது. வேலையை விட்டுப் போனவர் தன் படத்தை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டியதுதான்.

முதலாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் காரணத்தை ஒருமுறை கேட்கலாம்; வற்புறுத்தக்கூடாது. எழுத்தில் வருவதை விரும்பாத பலர், “யாராச்சும் கேட்டா எங்கிட்ட பேசச் சொல்லுங்க தம்பி” என்பார்கள். ஏற்றுமதியாளர் இன்னொரு ஏற்றுமதியாளரிடம் பத்து நிமிடம் பேசுவது எந்தக் கட்டுரையையும் விட வலுவானது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் அவர் கையிலேயே இருக்கிறது. அதற்கும் மாதத்துக்கு எத்தனை அழைப்பு வரை அவருக்குச் சம்மதம் என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பேசப்போகிறவரின் பெயரையும் நிறுவனத்தையும் முன்னதாகச் சொல்லி, அவர் சரி என்ற பிறகே எண்ணைக் கொடுக்க வேண்டும். அழைக்கப்போகிறவர் அவருடைய நேரடிப் போட்டியாளராகவும் இருக்கக்கூடும்.