பத்து நிமிஷத்தில் ஒரு தட்டு அத்தோ

“அண்ணா, ட்ரெயினுக்குப் பத்தே நிமிஷம்! பூண்டு தூக்கலா ஒரு அத்தோ!”

சாயங்காலம் சென்னைப் பாரிமுனைப் பக்கம், செகண்ட் லைன் பீச் ரோட்டில் இருக்கும் அத்தோ கடைகளில் காதில் விழக்கூடிய குரல் இது. தெருக்கடையின் மாலைக் கூட்டத்தை ரீலாக எடுக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல முதல் வரி சுலபத்தில் கிடைக்காது. யார் பேசுகிறார், என்ன வேண்டும், எதற்கு அவசரம் என்ற மூன்றும் இரண்டு நொடியில் தெரிந்துவிடுகின்றன. அந்த ஆள் சாப்பிட்டு ரயிலைப் பிடித்தாரா என்று பார்க்காமல் விரலால் தள்ளிவிட்டுப் போக மனசு வராது.

தெருச் சாப்பாட்டு ரீல் என்றாலே கொத்து புரோட்டாக் கடைக்குத்தான் பலரும் போகிறார்கள். தோசைக்கல்லில் விழும் அந்தச் சத்தம் பார்ப்பவரைத் தானாகவே நிறுத்திவிடும்; எடுப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். அத்தோவில் அந்த வசதி கிடையாது. அடுப்பில் ஜுவாலை எழும்பாது, இரும்புச் சத்தம் கேட்காது. வேகவைத்த நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த பூண்டு, நொறுக்கிய பேஜோ எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப். சத்தமில்லாத இந்தச் சாப்பாட்டில் அவசரத்தைக் காட்டத் தெரிந்துவிட்டால் வேறு எந்தக் கடையையும் எடுத்துவிடலாம். அதனால்தான் இதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். கூட்டத்தைக் காட்டினால் பரபரப்பு வந்துவிடும் என்று நினைத்துக் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிச் சுற்றி எடுக்கிறார்கள். திரையில் தெரிவது பல முதுகுகள்தான். நாற்பது பேர் நிற்பது நமக்கு ஒரு தகவல், அவ்வளவே. அந்த நாற்பது பேருக்கு நடுவில் ஒருவருடைய தட்டு எப்போது வரும் என்று காத்திருக்கும்போதுதான் அவசரம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரே ஒரு தட்டு, அது கேட்கப்படுவதிலிருந்து காலியாவது வரை. கூட்டம் அந்தத் தட்டுக்கு வரும் இடைஞ்சலாக மட்டும் தெரிந்தால் போதும்.

அந்த முதல் வரியை வீட்டில் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. கூட்டம் சேருவதற்கு அரை மணி நேரம் முன்பே போய், ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டு, கடைக்காரரிடம் படம் எடுக்கச் சம்மதம் கேட்டுவிட்டு, ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். “புளி கம்மியா”, “பேஜோ அள்ளிப் போடுங்கண்ணா”, “நாலு பார்சல், சூப்பு தனியா” என்று பத்து நிமிஷத்தில் ஒரு பக்கம் நிறையும். அதில் எந்த வரியை எடுப்பது? அந்த வரியை வேறொரு கடைக்குப் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் விட்டுவிடுங்கள். “சென்னையின் பெஸ்ட் அத்தோ” எந்த அத்தோ கடைக்கும் பொருந்தும். “வணக்கம் மக்களே, இன்னைக்கு நாம எங்க வந்திருக்கோம்னா” என்பது பாத்திரக்கடைக்கும் பொருந்தும். மூன்று நொடியும் போய்விடும். ரயில் வரி இங்கே பொருந்துவதற்குக் காரணம், கடற்கரை ரயில் நிலையம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது. மாலையில் அலுவலகம் விட்டு வருகிறவர்கள் இங்கே நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் புறநகர் ரயிலுக்கு ஓடுகிறார்கள்.

இனி ஸ்கிரிப்ட். முப்பது நொடிக்கு இப்படி எழுதலாம்.

0–2 நொடி. தோள்களுக்கு நடுவே நீளும் ஒரு கை, விரலிடுக்கில் மடித்த ரூபாய் நோட்டு. குரல்: “அண்ணா, ட்ரெயினுக்குப் பத்தே நிமிஷம்! பூண்டு தூக்கலா ஒரு அத்தோ!” திரையில் எழுத்து: 10 நிமிஷம்.

2–5 நொடி. கடைக்காரரின் பக்கவாட்டிலிருந்து மொத்தக் கூட்டம். அவர் நிமிராமலே: “இதோ தர்றேன் சார்.”

5–9 நொடி. கிண்ணத்துக்கு மிக அருகில். நூடுல்ஸ் விழுகிறது, கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர். பேச்சு இல்லை.

9–13 நொடி. பிசையும் விரல்கள். நம் குரல்: “அளவுக்குக் கரண்டி கிடையாது. விரல்தான் கரண்டி.”

13–18 நொடி. பிசைவது பாதியில் நிற்கிறது. ஒருவர் சில்லறை கேட்கிறார், இன்னொருவர் சூப் கேட்கிறார், பார்சல் கட்ட வேண்டியிருக்கிறது. ரயில்காரரின் கண் கைக்கடிகாரத்துக்குப் போகிறது. திரையில்: 6 நிமிஷம்.

18–22 நொடி. வறுத்த பூண்டு விழுகிறது, பேஜோவைக் கையில் நொறுக்கித் தூவுகிறார். அந்த நொறுங்கும் சத்தம் மட்டும் பெரிதாக.

22–27 நொடி. தட்டு கைமாறுகிறது. நின்றபடியே சாப்பிடுகிறார், சூப்பை ஊதிக் குடிக்கிறார். திரையில்: 3 நிமிஷம்.

27–30 நொடி. காலித் தட்டு தொட்டியில் விழுகிறது, ஆள் ஓடுகிறார். கேமரா அவர் பின்னால் போகாமல் கடையிலேயே நிற்க, வேறொரு கை நீளுகிறது.

கடைசியில் நீளும் அந்தக் கையைச் சும்மா வைக்கவில்லை. ரீல் முடிந்ததும் தானே மறுபடி முதலிலிருந்து ஓடும். கடைசிக் காட்சியும் கை, முதல் காட்சியும் கை என்பதால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. இரண்டாம் முறை ஓடுவதைப் பார்ப்பவர் உணர்வதற்குள் பாதி பார்த்திருப்பார்.

இந்த ஸ்கிரிப்ட்டின் உயிர் 13ஆம் நொடியில் வரும் தடங்கலில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சமையல் குறிப்பு. எடிட்டிங்கில் உட்காரும்போது ‘சாப்பாடே தெரியவில்லையே’ என்று இந்த ஐந்து நொடியைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். நம் குரலில் மொத்தம் ஐந்தே சொற்கள் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். தெருவே பேசிக்கொண்டிருக்கும்போது நாம் வர்ணனை செய்தால் இரண்டும் கேட்காது. ஸ்லோமோஷனும் இங்கே ஆகாது. அவசரத்தைக் காட்ட வந்துவிட்டு நேரத்தை நீட்டினால் எப்படி?

திரையில் வரும் நிமிஷங்கள் உண்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பது கைப்பேசியிலேயே பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். அன்று அவருக்குப் பதினைந்து நிமிஷம் ஆகி ரயில் போய்விட்டதென்றால் அதையே காட்டுங்கள். அது இன்னும் நல்ல ரீல். அவர் முகம் தெரியப் போகிறதென்றால் அவருடைய சம்மதமும் வேண்டும். ஓடுகிறவரை நிறுத்திக் கேட்க முடியாது என்பதால், தட்டுக்காக நிற்கும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

படம்பிடிப்பதில் இரண்டு இடங்களில் சறுக்கல் வரும். ஒன்று, வெளிச்சம். சென்னையில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 5:40 மணிக்கும் 6:40 மணிக்கும் இடையில் மறைகிறது. மறைந்த பிறகு ஒரு கால் மணி நேரம் வானம் நீலமாக இருக்கும், கடை விளக்கும் எரியும், முகங்களும் தெரியும். கூட்டத்தை மொத்தமாகக் காட்டும் காட்சியை அப்போதே எடுத்துவிட வேண்டும். இருட்டியதும் வானம் வெறும் கறுப்பாகிவிடும். அதன்பின் விளக்கடியில் கை, கிண்ணம், தட்டு என்று அருகில் போய் எடுக்கலாம். அப்போதுதான் அடுத்த தொல்லை வரும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் பல மலிவு எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கித் தெளிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். எடுப்பதற்கு முன்பே திரையை உற்றுப் பார்த்தால் தெரியும். கைப்பேசியில் புரோ மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், பட்டை அடங்கிவிடும்.

மற்றொன்று, சத்தம். பேருந்து ஹாரன் நடுவே பேஜோ நொறுங்குவது எப்படிக் கேட்கும்? கேட்காது. அதனால் கூட்டம் சேரும் முன்பே கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு, கைப்பேசியைக் கிண்ணத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். தெருவின் பொதுச் சத்தத்தையும் அரை நிமிஷம் எடுத்து வையுங்கள். துண்டுகளை ஒட்டும்போது அதுதான் அடியில் ஓடி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும்.

கேப்ஷனுக்கு வருவோம். படத்தில் தெரிவதையே “சுடச்சுட அத்தோ, நாவில் எச்சில் ஊறுது” என்று எழுத்திலும் சொல்பவர்கள் அதிகம். படம் சொல்ல முடியாததுதான் கேப்ஷனுக்கு வேலை: எங்கே, எப்போது, எவ்வளவு, ஏன் இங்கே. இன்ஸ்டாகிராம் 2,200 குறிகள் வரை இடம் தருகிறது. ஆனால் ரீல் ஓடும்போது முதல் வரி அளவுக்குத்தான் கண்ணில் படும். மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு இடைஞ்சல். நாம் ஓர் எழுத்தாக வாசிக்கும் ‘லு’ அங்கே இரண்டு குறிகளாகக் கணக்காகிறது. நீண்ட சொற்களும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகையால் முதல் வரி சின்னதாக இருக்கட்டும்:

“ரயிலுக்குப் பத்து நிமிஷம். அதுக்குள்ள ஒரு அத்தோ முடியுமா?

இடம்: செகண்ட் லைன் பீச் ரோடு, பாரிமுனை. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம்.
நேரம்: சாயங்காலம். நூடுல்ஸ் தீர்ந்ததும் கடை மூடிடும், லேட்டா வந்துட்டு அண்ணாகிட்ட கோவிச்சுக்காதீங்க.
விலை: ஒரு தட்டு … ரூபாய்.
1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த சாப்பாடு இது. வாழைத்தண்டு சூப்பை விட்டுடாதீங்க.”

பர்மா வரலாறு ஒரே வரியில் முடிந்துவிட்டதே என்று சிலருக்கு வருத்தமாக இருக்கும். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்ததும், அடுத்து கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானதும், பிழைப்பை இழந்த குடும்பங்கள் கப்பலேறி வந்ததும், அவர்களுக்காக 1969இல் பர்மா பஜார் உருவானதும் பெரிய கதைதான். முப்பது நொடிக்குள் அதைத் திணித்தால் தட்டும் ஆறிவிடும், கதையும் குறுகிவிடும். அதற்கென்று தனியாக ஒரு ரீல் எடுக்கலாம்.

நூடுல்ஸ் தீரும் என்கிற வரியைக் கடைக்காரருக்காகச் சேர்க்க வேண்டும். அவர் தினமும் ஓர் அளவுதான் வேகவைக்கிறார். ரீல் ஓடிப் பிரபலமாகி இரண்டு மடங்கு ஆள் வந்து நின்றால் திட்டு வாங்குவது அவர்தான். வெளியிடுவதற்கு முன் வீடியோவையும் கேப்ஷனையும் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நேரமும் விலையும் சரியா என்று அவரே சொல்லுவார். விலையை மட்டும் வீடியோவின் மேல் எழுதாதீர்கள். கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஏற்றிய வீடியோவில் இருப்பதைத் திருத்த முடியாது.