வாசலுக்கு உள்ளே ஓர் அடி

அடுக்குமாடி வீடுகளில் முன்கதவைத் திறந்ததும் ஹாலுக்குப் போகும் ஒரு சின்ன நடை இருக்கும். செருப்பு, ஹெல்மெட், குடை, பள்ளிக்கூடப் பை, சாவிக் கொத்து எல்லாம் வந்து சேரும் இடம் அதுதான். பெரும்பாலானவர்கள் முதலில் கடைக்குப் போய் ஒரு செருப்பு ஸ்டாண்டு வாங்கிவிட்டு, பிறகு அதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். கதவு அதில் இடிக்கிறது என்று தெரிந்ததும் ஸ்டாண்டு வெளியே பொது நடைக்குப் போய்விடுகிறது. தீப்பிடித்தால் அத்தனை பேரும் புகையில் தடவிக்கொண்டு இறங்கவேண்டிய வழி அது. அங்கே எதையும் வைக்கக்கூடாது என்பதில் நான் மிகக் கண்டிப்பாக இருப்பேன்.

வீட்டுக்குள்ளேயே வைக்க இடம் உண்டா என்பதைக் கதவுதான் சொல்லும். 4 அடி அகலமும் 6 அடி நீளமும் உள்ள ஒரு நடையை எடுத்துக்கொள்வோம். கதவு இடப்பக்கக் கீலில் உள்பக்கமாகத் திறக்கிறது. கதவுப் பலகை ஏறக்குறைய 40 அங்குலம், கீல் இடச்சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி இருக்கிறது. திறந்த கதவு இடச்சுவரை மறைத்துக்கொண்டு நிற்கும் என்பதால் அந்தச் சுவர் நமக்கு உதவாது. மிஞ்சுவது வலச்சுவர். ஆனால் அங்கேயும் வாசலை ஒட்டி எதையும் வைக்க முடியாது. கதவின் நுனி வளைவாகச் சுற்றிவரும்போது அந்த மூலையைத் துடைத்துக்கொண்டு போகும்.

சுவரிலிருந்து 12 அங்குலம் வெளியே நீட்டும் ரேக் என்றால், அது வாசலிலிருந்து 2 அடி தள்ளித்தான் தொடங்கவேண்டும். 7 அங்குலமே நீட்டும் மெல்லிய ரேக் 16 அங்குலம் தள்ளினால் போதும். இதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்றில்லை. ரேக்கின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் ஒட்டுங்கள். கதவை மெல்லத் திறந்துகொண்டே, அதன் நுனிக்கு நேர் கீழே சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டு வாருங்கள். கோடு தாளைத் தொடக்கூடாது. தாளைச் சில நாள் அப்படியே விட்டுவைத்தால், கையில் காய்கறிப் பையோடு வருகிறவர் அதை மிதிக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது ரேக்கின் ஆழம். ஆண்கள் அணியும் 9-ஆம் நம்பர் ஷூ கிட்டத்தட்ட 12 அங்குல நீளம் வரும். கிடைமட்டத் தட்டில் அது முழுதாக உட்கார 12 அங்குலம் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஷூவின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகிறவர் காலில் படும். ஷூவை நிமிர்த்தி வைத்து முன்னால் சாய்த்துத் திறக்கும் மூடுபெட்டிகள் 7 அங்குலத்திலேயே அடங்கிவிடும். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பெரிய ஷூ அதில் மடங்கி நிற்கும், ஈரச் செருப்பை வைத்தால் காற்றில்லாமல் நாறும். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து வரும் ஊர்களுக்கு அந்தப் பெட்டி மட்டும் போதாது.

நம் 4 அடி நடையில் 12 அங்குல ரேக் வைத்தால் நடக்க 3 அடி மிஞ்சுகிறது. அது தாராளம். வாசலிலிருந்து 2 அடி விட்டதால் ரேக் 4 அடி நீளம் வரலாம். உயரத்தை 17 அங்குலத்தோடு நிறுத்தச் சொல்வேன். வீட்டில் பாட்டி இருந்தால் அதன் மேலேயே உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொள்வார். கீழே 4 அங்குலக் கால், அதன் மேல் 6 அங்குல இடைவெளியில் ஷூத் தட்டு, அடுத்து 5 அங்குல இடைவெளியில் செருப்புத் தட்டு, எல்லாவற்றுக்கும் மேல் உட்காரும் பலகை. கால் இல்லாமல் தரையோடு வைத்தால் வீடு துடைக்கும் தண்ணீர் அடிப்பலகையில் ஏறும். துகள்பலகையாக இருந்தால் ஓரம் உப்பிப் பிளந்துவிடும். கார்பெண்டரிடம் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள நீர் தாங்கும் பிளைவுட் என்று கேளுங்கள். உட்காரும் பலகை வளையாமலிருக்க நடுவில் ஒரு நிற்கும் பலகையும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு தட்டிலுமாகப் பத்து ஜோடி தாராளமாக அடங்கும். நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு இரண்டு ஜோடி அன்றாடம் போடுவது, மீதி விருந்தாளிக்கு. கல்யாணத்துக்கு மட்டும் போடும் செருப்புக்கு இங்கே இடம் கிடையாது. அது பரணில் இருக்கட்டும். கதவு போட்டு மூட விரும்பினாலும் கீழ்த்தட்டைத் திறந்தே விடுங்கள். அங்கே ஒரு தட்டு வைத்தால் நனைந்தவை சொட்டி உலரும்.

கொக்கிகளை ரேக்குக்கு நேர் மேலேதான் அடிக்கவேண்டும். தொங்கும் பை சுவரிலிருந்து 8 அங்குலம் புடைத்து நிற்கும். கீழே ஏற்கெனவே ரேக் 12 அங்குலம் எடுத்துக்கொண்டதால், நடக்கும் வழியில் ஒரு துளியும் குறையாது. பெரியவர்களுக்கு ஐந்தரை அடி உயரம். குழந்தைக்கு மூன்றரை அடியில் தனிக் கொக்கி, அதுவும் ரேக்கின் ஓரத்தில், கை எட்டும்படி. ஹெல்மெட்டுக்கு இரு பக்கமும் இடம் வேண்டும். அடுத்த கொக்கி ஓர் அடிக்கு மேல் தள்ளியே இருக்கட்டும்.

ஒட்டும் கொக்கிகள் டைல்ஸில் நிற்கும். வண்ணம் அடித்த சுவரில் பையோடு சேர்ந்து வண்ணமும் உரிந்து விழும். ஒரு நீளப் பலகையைச் சுவரில் மூன்று இடத்தில் முடுக்கி, கொக்கிகளைப் பலகையில் பொருத்துவதே நல்ல வழி. துளை போடும்போது வரும் தூளைக் கவனியுங்கள். சாம்பல் தூள் மட்டும் வந்தால் இன்னும் பூச்சிலேயே இருக்கிறீர்கள். சிவப்புத் தூள் வந்தபிறகுதான் செங்கல், பிளக் அங்கேதான் பிடிக்கும். லேசான வெள்ளைக் கல் கட்டிய புதிய கட்டடங்களில் சிவப்பே வராது. அவற்றுக்கென்று விற்கும் நீளமான பிளக்கைத்தான் போடவேண்டும், சாதாரண பிளக் சில மாதத்தில் ஆடிவிடும். இன்னொன்றை மறக்கவே கூடாது. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் வயர் ஓடும். வாசலில் காலிங் பெல், விளக்கு என்று அப்படிப்பட்ட போர்டு நிச்சயம் இருக்கும். அந்த நேர்கோட்டில் துளை போடாதீர்கள்.

சாவிக்கு வருவோம். கதவைச் சாத்தித் திரும்பும்போதும் சாவி கையிலேயே இருக்கிறது. அடுத்த ஓர் எட்டுக்குள் அதை மாட்ட இடம் இல்லையென்றால் டி.வி. மேல், ஃபிரிட்ஜ் மேல் என்று எங்கேயாவது போய்விடும். அதனால் கொக்கிப் பலகையின் வாசல் பக்க முனையிலேயே சாவிக்கான சின்னக் கொக்கிகள் இருக்கட்டும். ஒரு சாவிக்கு ஒரு கொக்கி. கிண்ணத்தில் எல்லாவற்றையும் போட்டால் ஸ்கூட்டர் சாவி அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கொக்கியில் காலி இடம் பார்த்தாலே யார் வண்டியை எடுத்துப் போயிருக்கிறார் என்று தெரியும்.

கிரில் கேட்டுக்கு வெளியே நின்று கையோ குச்சியோ விட்டால் எட்டாத இடமா என்று ஒருமுறை நீங்களே வெளியே நின்று பாருங்கள். வாசலில் நிற்கும் டெலிவரி ஆள் கண்ணில் படாமலும் இருக்கவேண்டும். அதே சமயம், ராத்திரி மின்சாரம் போய்த் தீ என்றால் இருட்டில் தடவி எடுக்கக்கூடிய இடமாகவும் இருக்கவேண்டும். பூட்டிய கிரில்லின் சாவியைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு தூங்குவது ஆபத்து. பீரோ சாவி மட்டும் இங்கே வரவேண்டாம், சாவி வளையத்தில் வீட்டு எண் எழுதிய சீட்டும் வேண்டாம்.

இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் உள்ள வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. குப்பை போட வெளியே கால் வைத்ததும் காற்றில் கதவு சாத்திக்கொள்ளும், சாவி உள்ளே தொங்கும். அந்தப் பூட்டில் நாக்கை உள்ளே இழுத்து நிறுத்திவைக்கும் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். வெளியே போகிறவர் அதை அழுத்திவிட்டுப் போகலாம். அது இல்லாத பூட்டென்றால் குப்பைப் பையைச் சாவிக் கொக்கிக்குக் கீழேயே வைத்துப் பழகுங்கள், எடுக்கக் குனியும்போது சாவி கண்ணில் படும். நம்பிக்கையான அண்டை வீட்டில் ஒரு மாற்றுச் சாவியும் இருக்கட்டும். அந்தச் சாவி உங்கள் பூட்டில் திரும்புகிறதா என்று கொடுப்பதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.