படிவம் போய்ச் சேர்ந்தது, பணம் ஏன் வரவில்லை? வரி மீள்தொகையும் வங்கிக்கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுதான். "படிவம் அனுப்பியாச்சா? எவ்வளவு திரும்ப வருது?" ஜூன் பிறந்ததும் கேள்வி மாறிவிடும். "உங்களுக்கு வந்துடுச்சா? எனக்கு இன்னும் வரலையே!" போன ஆண்டு தெங்கேராவில் எங்களோடு பழகும் ஓர் ஆசிரியைக்கு இப்படித்தான் நடந்தது. அவர் செய்த கணக்கில் பிழை இல்லை. படிவமும் தவணைக்கு முன்பே போய்விட்டது. பணம் மட்டும் வரவில்லை. காரணம் அவருடைய வங்கிக்கணக்கில் இருந்தது. அவர் அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல், அந்த விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மாணவர்களும் கட்டுரையில் இவற்றைக் குழப்பி எழுதுகிறார்கள். 'பெலெப்பாசான்' என்பது வரிக்கழிவு. அது வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை. 'ரெபாட்' என்பது வரித் தள்ளுபடி. அது கணக்கிட்டு வந்த வரியிலிருந்தே கழிக்கப்படும். 'பாயாரான் பாலிக்' என்பது மீள்தொகை. நாம் ஏற்கெனவே கூடுதலாகக் கட்டிவிட்ட நம் சொந்தப் பணம் திரும்பி வருவது அது. மீள்தொகை அரசாங்கம் தரும் உதவித்தொகை இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பணம் வராதபோது விடாமல் கேட்பதற்குத் தயக்கம் இருக்காது.

இனி அந்த ஆசிரியையின் கணக்குக்கு வருவோம். 2024-ஆம் ஆண்டு அவருடைய வரிக்குரிய சம்பளம் 58,800 ரிங்கிட். ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பதால் ஊழியர் சேமநிதிப் பிடித்தம் கிடையாது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட வரி, அதாவது பிசிபி, 124 ரிங்கிட். பன்னிரண்டு மாதத்துக்கு 1,488 ரிங்கிட். சம்பளப் பிரிவு பிடித்தத்தைக் கணக்கிட்டபோது தனிநபருக்குரிய 9,000 ரிங்கிட் கழிவை மட்டுமே பார்த்தது. மற்ற கழிவுகளை டிபி1 படிவம் மூலம் முன்கூட்டியே தெரிவிக்கலாம். அவர் தெரிவிக்கவில்லை. நம்மில் பலரும் தெரிவிப்பதில்லை.

ஆண்டு முடிந்து படிவத்தை நிரப்பும்போது மற்றவற்றைச் சேர்த்தார். ஆயுள் காப்புறுதி 3,000 ரிங்கிட். புத்தகம், கணினி, இணையக் கட்டணம் ஆகியவை சேர்ந்த வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட். அம்மாவின் மருத்துவச் செலவு 3,000 ரிங்கிட். மொத்தம் 8,500 ரிங்கிட். அதையும் கழித்ததும் வரிக்குரிய வருமானம் 41,300 ஆனது. முதல் 35,000 ரிங்கிட்டுக்கு வரி 600. மீதி 6,300 ரிங்கிட்டுக்கு 6 விழுக்காடு, அதாவது 378. ஆக, வரி 978 ரிங்கிட். கட்டியது 1,488. திரும்ப வரவேண்டியது 510 ரிங்கிட். "அம்மாவோட அடுத்த மூணு மாச மருந்துக்கு அது போதும்" என்று அவர் அப்போதே ஒதுக்கி வைத்துவிட்டார்.

அவர் ஏப்ரல் முதல் வாரத்திலேயே MyTax தளத்தில் e-BE படிவத்தை அனுப்பினார். மின்படிவமாக அனுப்பினால் 30 வேலை நாள்களுக்குள் மீள்தொகை தருவது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் வாடிக்கையாளர் சாசனம். தாள் படிவம் என்றால் 90 வேலை நாள். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளைக் கழித்தே இதை எண்ண வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்தும் மே மாதக் கடைசியில் தவணை தாண்டிவிட்டது.

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். படிவம் அனுப்பியதும் தளம் ஓர் ஒப்புகைச் சீட்டு தருகிறது. அதைப் பார்த்ததும் எல்லாம் சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சீட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: படிவம் வந்து சேர்ந்தது. நாம் தட்டச்சு செய்த வங்கிக்கணக்கு உயிரோடு இருக்கிறதா, நம் பெயரில்தான் இருக்கிறதா என்பதை அது உறுதிப்படுத்துவதில்லை. அந்தச் சோதனை, வாரியம் பணத்தை அனுப்பி வங்கி அதை வரவு வைக்கும் நேரத்தில்தான் முழுமையாக நடக்கிறது. பொருந்தவில்லை என்றால் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். இந்தியாவில் 2019 மார்ச் முதல் மீள்தொகை மின்வழியில் மட்டுமே போகிறது. அதுவும் பான் எண்ணோடு இணைத்த கணக்குக்குத்தான் போகும். அங்கே வருமான வரித் தளத்திலேயே கணக்கை முன்கூட்டிச் சேர்க்க வேண்டும். வங்கி அதைச் சரிபார்த்த பிறகு 'சரிபார்க்கப்பட்டது' அல்லது 'தோல்வி' என்று திரையில் தெரியும். பணம் திரும்பிப் போனால் Refund Reissue என்ற விண்ணப்பத்தைத் தளத்திலேயே போடுவார்கள். அங்கே சரிபார்ப்பு முதலில், பணம் பிறகு. இங்கே அந்த முன்சோதனையை நாமேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பொருந்தாமல் போவதற்கு என்னென்ன காரணம்? எண்ணில் ஓர் இலக்கம் தவறுவது எல்லாருக்கும் தெரிந்தது. கணக்கு மூடப்பட்டிருப்பது இரண்டாவது. ஓராண்டுக்கு மேல் எடுப்பதும் போடுவதும் இல்லாமல் கிடந்து, வங்கி அதைச் செயலற்ற கணக்காக ஒதுக்கி வைத்திருப்பது மூன்றாவது. நான்காவது காரணம்தான் கண்ணுக்குத் தெரியாதது. கணக்கு நம்முடையதே, பெயரும் நம்முடையதே. ஆனால் வங்கியிடம் பதிவாகியிருக்கும் அடையாள எண், வரி வாரியத்திடம் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை.

நம் ஆசிரியைக்கு நேர்ந்தது இந்த நான்காவதுதான். அவர் கொடுத்தது சம்பளக் கணக்கை அல்ல. அவர் மூன்றாம் ஆண்டு படித்தபோது, தோட்டத்தில் வேலை செய்த அப்பா பக்கத்துப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய்த் திறந்து கொடுத்த சேமிப்புக் கணக்கு அது. அம்மாவின் செலவுக்கென்று அதைத் தனியாக வைத்திருந்தார். அவ்வப்போது பணம் போட்டு எடுத்து வந்ததால் கணக்கு செயலில்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவருக்கு அடையாள அட்டை கிடையாது. பிறப்புப் பத்திர எண்ணை வைத்துத்தான் வங்கி கணக்கைத் திறந்தது. பன்னிரண்டு வயதில் அட்டை எடுத்த பிறகும் அந்தப் பதிவை யாரும் மாற்றவில்லை. வயதில் மூத்தவர்களுக்கு இதே சிக்கல் பழைய அடையாள அட்டை எண்ணால் வரும். காவல்துறை, இராணுவ எண்ணில் கணக்குத் திறந்தவர்களுக்கும் வரலாம்.

"நான் ஒரு வெள்ளி போட்டுப் பார்த்தேன், உங்க பேரு சரியா வந்துச்சே!" என்று தோழி ஒருவர் அவரிடம் சொன்னார். அந்தச் சோதனை இங்கே போதாது. கைப்பேசியில் பணம் அனுப்பும்போது திரையில் தெரிவது பெயர் மட்டுமே. அடையாள எண்ணைச் சோதிக்க வேறு ஒரு வழி உண்டு. வேறொரு வங்கியிலிருந்து ஐபிஜி முறையில் அனுப்பும்போது, பெறுநரின் அடையாள எண்ணைக் குறிப்பிடும் கட்டம் சில வங்கிச் செயலிகளில் இருக்கும். அதில் புதிய அடையாள அட்டை எண்ணைப் போட்டு ஒரு ரிங்கிட் அனுப்பிப் பாருங்கள். எண் பொருந்தாவிட்டால் அந்த ஒரு ரிங்கிட் திரும்பிவிடும். அந்த வசதி இல்லாதவர்கள் மைகாட்டை எடுத்துக்கொண்டு முகப்புக்கே போய், "இந்தக் கணக்கு எந்த அடையாள எண்ணில் பதிவாகியிருக்கு?" என்று கேட்டுவிடலாம். அதுதான் உறுதியான வழி.

பணம் ஏற்கெனவே தடைபட்டுவிட்டது என்றால் என்ன செய்வது? முதலில் MyTax தளத்தில் e-Lejar பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் வரிக்கணக்கில் கூடுதல் பணம் அப்படியே நிற்கிறதா, மீள்தொகை வெளியானதாகப் பதிவு இருக்கிறதா என்பது அங்கே தெரியும். வெளியானதாக இருந்தும் வங்கியில் வரவு இல்லை என்றால் சந்தேகம் வங்கிக்கணக்கின் மேல்தான். வெளியாகவே இல்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். முந்தைய ஆண்டு பாக்கிக்கு ஈடு செய்திருக்கலாம். ரசீதுகளைக் கேட்டு வாரியம் கடிதம் அனுப்பியிருக்கலாம். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கணக்குதான் காரணம் என்று தெரிந்தால் இரண்டு வழி உண்டு. வங்கிப் பதிவைத் திருத்தலாம், அல்லது வாரியத்திடம் வேறு கணக்கைக் கொடுக்கலாம். ஆசிரியை இரண்டையும் செய்தார். MyTax தளத்தில் e-Kemaskini பகுதிக்குப் போய், மைகாட் எண்ணில் திறந்த சம்பளக் கணக்கை வங்கி விவரமாக மாற்றினார். பிறகு 03-8911 1000 என்ற வாரியத்தின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, விவரம் மாறிவிட்டது, மீள்தொகையை மறுபடி அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தார். பள்ளி விடுமுறையில் வங்கிக்குப் போய்ப் பழைய கணக்கின் அடையாள எண்ணையும் திருத்திக்கொண்டார். சில வாரங்களில் 510 ரிங்கிட் வந்து சேர்ந்தது.

அவர் செய்யாத இரண்டையும் சொல்ல வேண்டும். கணக்கு எண்ணை மாற்றுவதற்காகப் படிவத்தை இரண்டாம் முறை அனுப்பவில்லை. வருமானத்திலோ கழிவிலோ மாற்றம் இல்லாதபோது அது தேவையில்லை. கணவர் கணக்கு எண்ணைக் கொடுத்துச் சமாளிக்கவும் முயலவில்லை. மீள்தொகை வரி கட்டியவரின் சொந்தக் கணக்குக்குத்தான் போகும். அடையாள எண் பொருந்தாமல் அதுவும் திரும்பியிருக்கும்.

இந்தச் சமயத்தில் "உங்கள் மீள்தொகை தயார், கணக்கை உறுதி செய்ய இங்கே அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அழுத்த வேண்டாம். பணத்துக்காகக் காத்திருப்பவர்தான் அதில் எளிதில் ஏமாறுவார். வங்கி விவரத்தை மாற்றும் இடம் MyTax தளம். நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே போங்கள்:

```
mytax.hasil.gov.my
```

அடுத்த முறை படிவத்தைத் திறக்கும்போது, Nama Bank, No. Akaun Bank என்ற இரண்டு கட்டங்களைப் பார்க்காமல் தாண்டிப் போகாதீர்கள். போன ஆண்டு விவரம் தானாக வந்து நிற்கலாம். அந்தக் கணக்கு இன்னும் செயலில் இருக்கிறதா, மைகாட் எண்ணில்தான் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகு மேலே போங்கள். அப்பா திறந்து கொடுத்த கணக்கை அந்த ஆசிரியை மூடவில்லை. இந்த ஆண்டு மீள்தொகைக்கு அந்த எண்ணையே கொடுக்கப் போவதாகச் சொன்னார்.