மணிக்கட்டில் மட்டும் அடிக்கும் அலாரம்

பால் வேன் ஓட்டும் ஒருவர் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு எழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருப்பது ஒரே அறை. பக்கத்தில் மனைவியும் கைக்குழந்தையும். போனை வைப்ரேஷனில் போட்டு அலமாரியில் வைத்தால் பலகையும் சேர்ந்து அதிர்ந்து குழந்தையை எழுப்பிவிடும். அதே அதிர்வு மணிக்கட்டில் வந்தால் தோலோடு அடங்கிவிடும். அதனால்தான் அதிரும் வாட்ச்.

முதலில் அலாரம் வாட்சுக்குள் இருக்க வேண்டும். போனின் கடிகாரத்தில் வைத்த அலாரம் வாட்சில் தெரிந்தாலும், நேரம் வந்தால் போனும் சேர்ந்து அலறும். பல ஸ்மார்ட் வாட்ச்களில், கூடவே வரும் ஆப்பில் வாட்சுக்கென்று தனியாக அலாரம் வைக்கலாம். வைத்தபின் வாட்சின் அலாரப் பக்கத்தைத் திறந்து, அது அங்கே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

போன் பேசும் வசதியுள்ள வாட்சில் ஸ்பீக்கர் இருக்கும். அதன் ஒலியை அணைத்துவிட்டு, அதிர்வை அதிகபட்சத்துக்கு ஏற்றுங்கள். ஆப்பிள் வாட்சில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: சைலன்ட்டில் இருந்தாலும், சார்ஜில் போட்டிருக்கும்போது அலாரம் சத்தமாகவே அடிக்கும். மாலையில் குளித்துச் சாப்பிடும் நேரத்தில் சார்ஜ் ஏற்றிவிட்டு, கட்டிக்கொண்டு படுப்பதே சரி.

பலர் கோட்டைவிடுவது கிழமையில்தான். நம் வேன்காரருக்கு ஞாயிறு இரவு ஓய்வு. அதனால் அலாரத்தில் ஞாயிறை நீக்கிவிட்டார். ஆனால் சனி இரவு படுத்து எழும் பன்னிரண்டரை, வாட்சின் கணக்கில் ஞாயிறு. அன்று வாட்ச் அசையவே அசையாது; வண்டி ஏற்ற ஆள் இல்லை. ஓய்வு நாளில், அதாவது ஞாயிறு இரவு படுத்தபின், திங்கள் என்று கணக்கெடுத்து எழுப்பிவிடும். அவர் நீக்க வேண்டியது திங்களை. நேரத்தையும் 24 மணி முறையில் 00:30 என்று வைத்தால், மதியப் பன்னிரண்டரையோடு குழம்பாது.

பட்டை தளர்ந்திருந்தால் அதிர்வு பாதிதான் வரும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்குக் கட்டுங்கள். ரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு இறுக்க வேண்டாம். பகலில் இரண்டு நிமிடம் தள்ளி ஓர் அலாரம் வைத்து, படுத்துப் பார்த்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிறதா என்று கேளுங்கள். சில வாட்ச்களில் டைமருக்குத் தனி ஒலி அமைப்பு உண்டு. அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

லோடு ஏறும்வரை வேனில் கண்ணயரும்போது டைமர்தான் வசதி. இருபது நிமிடம் போதும்; அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்ததும் தலை கனக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் வண்டியின் ஆட்டத்தில் மணிக்கட்டின் அதிர்வு தெரியாமல் போகலாம். அங்கே எழுப்ப வேண்டிய குழந்தை யாரும் இல்லை. போனின் மணியையே வைத்துக்கொள்ளலாம்.

அதிர்வுக்கு எழாமல் தூங்குகிறவர்களும் உண்டு. முதல் சில வாரம் ஐந்து நிமிடம் தள்ளி வாட்சில் இன்னோர் அலாரமும், வண்டியைத் தவறவிடாத கடைசி நிமிடத்துக்குப் போனில் மெல்லிய மணியும் வையுங்கள். எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் போன் அலாரத்தை அணைத்துவிட வேண்டும்.