டிவிடெண்டுக்கு முந்தைய இரவு

அமெரிக்கச் சந்தையில் தனிப் பங்குகளின் மீதும் ஈ.டி.எஃப்.களின் மீதும் வர்த்தகமாகும் ஆப்ஷன்கள் 'அமெரிக்க வகை'யைச் சேர்ந்தவை. வாங்கியவர் காலாவதி நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த வர்த்தக நாளிலும் உரிமையைச் செயல்படுத்தலாம். அப்படி ஒருவர் செயல்படுத்தினால், ஓ.சி.சி. எனப்படும் தீர்வு நிறுவனம் அந்த ஆப்ஷனை விற்றிருக்கும் தரகு நிறுவனங்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் பொறுக்கும். அந்தத் தரகர் தன் வாடிக்கையாளர்களில் ஒருவர் தலையில் அதை இறக்குவார். இதுதான் அசைன்மென்ட். எல்லாம் சந்தை மூடிய பிறகு நடப்பதால், விற்றவருக்கு மறுநாள் காலையில்தான் தெரியவரும்.

சாதாரண நாட்களில் இந்த அபாயம் குறைவு. கால் ஆப்ஷனை முன்கூட்டியே செயல்படுத்துபவர் அதில் மிச்சமிருக்கும் கால மதிப்பைத் தானே தூக்கி எறிகிறார். அதைவிட ஆப்ஷனைச் சந்தையில் விற்றுவிடுவது மேல். இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுவது டிவிடெண்ட். எக்ஸ்-டேட் அன்று பங்கின் விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு இறங்கியே தொடங்கும். பங்கை வைத்திருப்பவருக்கு அந்த இறக்கத்துக்கு ஈடாகப் பணம் வரும். கால் ஆப்ஷனை வைத்திருப்பவருக்கு வராது. வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நாளே ஆப்ஷனைப் பங்காக மாற்றியிருக்க வேண்டும்.

ஒரு பங்கு 108 டாலரில் இருக்கிறது. நாளை எக்ஸ்-டேட், டிவிடெண்ட் 1 டாலர், காலாவதிக்கு ஒரு வாரம் இருக்கிறது என்று கொள்வோம். 100 டாலர் ஸ்ட்ரைக் கொண்ட கால் ஆப்ஷனின் உள்ளார்ந்த மதிப்பு 8 டாலர். அதே ஸ்ட்ரைக்கின் புட் 15 சென்டுக்குப் போகிறது. கால் ஆப்ஷனை இன்று செயல்படுத்தினால் கையில் நிற்பது 8 டாலர்: நாளை 107 ஆகும் பங்கு, கூடவே 1 டாலர் டிவிடெண்ட், கழிவது 100. செயல்படுத்தாமல் விட்டால் நாளை அதன் மதிப்பு சுமார் 7.15 டாலர். ஒப்பந்தத்துக்கு 100 பங்கு என்பதால் சும்மா இருப்பதன் விலை 85 டாலர். விவரம் அறிந்த எவரும் இதை விடமாட்டார்.

விற்றவர் பார்க்க வேண்டிய அளவுகோலும் இதிலேயே இருக்கிறது. கால் ஆப்ஷனின் கால மதிப்பைத் துல்லியமாகப் பிரித்தெடுப்பது கடினம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி கணக்கைக் குழப்பிவிடும். அதே ஸ்ட்ரைக், அதே காலாவதி கொண்ட புட்டின் விலையைப் பார்த்தால் போதும். அது டிவிடெண்டைவிடக் குறைவு என்றால் அன்றிரவு அசைன்மென்ட்டை எதிர்பார்க்க வேண்டும். வட்டி ஒரு சிறு திருத்தம் மட்டுமே.

கையில் பங்கை வைத்துக்கொண்டு கால் விற்றவருக்குப் பங்கு போகும், டிவிடெண்டும் போகும், அதோடு சரி. அடிபடுவது ஸ்ப்ரெட் போட்டவர்தான். மேற்சொன்ன 100 காலை விற்று, காப்பாக 105 காலை வாங்கியிருக்கிறார் என்று கொள்வோம். தன் நஷ்டம் 500 டாலரைத் தாண்டாது, வாங்கிய பிரீமியம் அதிலும் கழியும் என்பது அவர் எண்ணம். இரவில் 100 கால் அசைன் ஆகிறது. காலையில் அவர் கணக்கில் 100 பங்குகள் ஷார்ட் ஆக நிற்கின்றன. ஷார்ட் வைத்திருப்பவர் டிவிடெண்டைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அன்று காலை 105 காலைச் செயல்படுத்திப் பங்கை ஈடுகட்டினால் நஷ்டம் 500, டிவிடெண்ட் 100, ஆக 600 டாலர். 105 காலைச் சந்தையில் விற்றுவிட்டு 107-க்குப் பங்கை வாங்குவது சற்று மேல், ஆனாலும் நஷ்டம் 500-ஐத் தாண்டக்கூடும். அந்தக் காலை முந்தைய நாளே செயல்படுத்தியிருந்தால் டிவிடெண்ட் நேராகியிருக்கும். ஆனால் அப்போது அசைன்மென்ட் வருமா என்பதே அவருக்குத் தெரியாது. டிவிடெண்ட் பணம் கணக்கிலிருந்து கழிவது வழங்கும் தேதியில்தான் என்பதால், சில வாரம் கழித்து அதைப் பார்த்துத் திகைப்பவர்களும் உண்டு.

எஸ்.பி.ஒய். ஈ.டி.எஃப்.பில் இது ஆண்டுக்கு நான்கு முறை வரும். அதன் எக்ஸ்-டேட் பெரும்பாலும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் மூன்றாம் வெள்ளிக்கிழமை. அன்றுதான் மாதாந்திர ஆப்ஷன்களும் காலாவதியாகின்றன. கால மதிப்பு வற்றிப்போன வியாழன் மாலை, ஆழமாக லாபத்தில் இருக்கும் கால்கள் கொத்துக் கொத்தாகச் செயல்படுத்தப்படும். தப்ப விரும்புபவர் அன்று சந்தை மூடுமுன் விற்ற காலைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். நாள் முடிவில் மிச்சமிருக்கும் நிலைகளுக்கே அசைன்மென்ட் வரும்.

புட் ஆப்ஷனில் டிவிடெண்ட் எதிர்த்திசையில் வேலை செய்கிறது: விலை இறங்கும் வரை காத்திருப்பது வாங்கியவருக்கு லாபம் என்பதால், எக்ஸ்-டேட்டுக்கு முன் அவர் அவசரப்படுவதில்லை. ஆழமாக லாபத்தில் உள்ள புட்டை அவர் முன்கூட்டியே செயல்படுத்துவது ஸ்ட்ரைக் தொகையை உடனே பெற்று வட்டி ஈட்டுவதற்காக.

எஸ்.பி.எக்ஸ். குறியீட்டு ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, தீர்வும் பணமாகவே. அவற்றில் இந்தச் சிக்கல் எழாது. இந்தியாவிலும் தனிப் பங்கு ஆப்ஷன்கள் 2011-இல் ஐரோப்பிய வகைக்கு மாறிவிட்டதால், இங்கே பழகிவிட்டு அமெரிக்கச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இது புது அனுபவமாகவே இருக்கும்.